‘யார் கூற்று?’ வினாடி வினா தயாரித்தல்: தெரிவுகள் நேர்மையாக அமைவதற்கான முழுமையான வழிகாட்டி

பள்ளி இலக்கிய மன்றத்துக்காக நான் முதன்முதலில் தயாரித்த வினாத்தாளில் ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்ற அடியைக் கொடுத்து, சீத்தலைச் சாத்தனார் என்பதை விடையாகக் குறித்திருந்தேன். மற்ற தெரிவுகளில் குடபுலவியனாரின் பெயரும் இருந்தது. குடபுலவியனாரைத் தேர்ந்தெடுத்த ஒரு மாணவி, போட்டி முடிந்த பின் நூலகத்திலிருந்து புறநானூற்றை எடுத்து வந்து 18ஆம் பாடலைக் காட்டினாள். அதே அடி அங்கும் இருந்தது. மணிமேகலையிலும் இருக்கிறது என்பதால் என் விடை தவறன்று. ஆனால் அவளுடைய விடையும் சரியே. தவறு தெரிவுகளில் இருந்தது.

அதன் பின் பல ஆண்டுகள் வினாத்தாள் எழுதியதிலும், புதிதாக எழுதும் மாணவர்களுக்குத் துணைநின்றதிலும் கண்ட முறையை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு, 16 வினாக்கள், வினாவுக்கு நான்கு தெரிவுகள் என்ற அளவை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எழுதத் தொடங்கும் முன் தேவைப்படுபவை

போட்டியில் கலந்துகொள்ளும் வகுப்புகளின் தமிழ்ப் பாடநூல்களையும், அவற்றுக்கு முந்தைய இரண்டு மூன்று வகுப்புகளின் பாடநூல்களையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றைப் புரட்டி, மாணவர்கள் ஏற்கெனவே அறிந்திருக்கக்கூடிய புலவர்கள், கவிஞர்கள், தலைவர்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். சரியான விடையும் தவறான தெரிவுகளும் பெரும்பாலும் இப்பட்டியலிலிருந்தே வர வேண்டும். மாணவர் ஒருமுறைகூடக் கேள்விப்படாத பெயர் தெரிவாக நின்றால், அவர் அதை யோசிக்காமலே ஒதுக்கிவிடுவார்; அல்லது புதிய பெயராக இருப்பதாலேயே அதுதான் விடை என்று ஊகித்துவிடுவார். இரண்டிலும் அவருடைய அறிவு சோதிக்கப்படுவதில்லை.

பட்டியல் அணியமான பிறகே கூற்றுகளைத் தேடத் தொடங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள், அழகான கூற்றைப் பிடித்துவிட்டு அதற்குத் தெரிவு கிடைக்காமல் கடைசியில் பொருந்தாத பெயர்களை இட்டு நிரப்புகிறார்கள்.

2. தேவையைப் போல் இரு மடங்கு திரட்டுதல்

16 வினாக்களுக்குக் குறைந்தது 32 கூற்றுகள் கையில் இருக்க வேண்டும். ஏறத்தாழப் பாதி அடுத்த படியில் விழுந்துவிடும் என்பதே இதற்குக் காரணம். சரியாகப் பதினாறு மட்டும் திரட்டியவருக்கு, ஐயத்துக்குரிய கூற்றைக் கைவிட மனம் வராது.

3. மூலத்தைக் கண்ணால் கண்டு உறுதி செய்தல்

வேலையின் பெரும்பகுதி இதில்தான் கழியும், கழியவும் வேண்டும். சுவரொட்டி, நாட்காட்டித் தாள், கைப்பேசியில் வரும் வாழ்த்துப் படம், மேடைப்பேச்சு ஆகிய எதுவும் மூலமாகாது. கூற்று இடம்பெற்ற நூலும், அந்நூலில் அது வரும் இடமும் தெரிந்தால் மட்டுமே அதை வினாவாக்கலாம்.

பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளும் பெரிதும் உதவும். ஆனால் அங்கே தேடும்போது புதியவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். நாம் பேச்சில் சொல்லும் வடிவமும் நூலில் அச்சான வடிவமும் ஒன்றாக இருப்பதில்லை. ‘தனியொருவனுக்கு உணவில்லை எனில்’ என்று முழு அடியையும் உள்ளிட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஏனெனில் பாரதியார் பாடல் பதிப்புகளில் அது ‘தனியொருவனுக் குணவிலை யெனில்’ என்று சீர் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும். எனவே புணர்ச்சியில் மாறாத, வேறெங்கும் அதிகம் வராத ஒரு சொல்லைத் தேர்ந்து தேட வேண்டும். இங்கே ‘ஜகத்தினை’ என்ற ஒரு சொல்லே போதும்.

மூலத்தைக் காணும்போது மூன்று வகையான சிக்கல்கள் வெளிப்படும்.

முதலாவது, பெயர் மாறி வழங்குவது. ‘பிச்சை புகினும் கற்கை நன்றே’ என்பதை ஔவையார் வாக்கு என்று சொல்பவர்கள் பலர். அது வெற்றிவேற்கை எனவும் நறுந்தொகை எனவும் வழங்கும் நூலில் உள்ள அதிவீரராம பாண்டியரின் வாக்கு. இத்தகைய கூற்றைப் பயன்படுத்தலாம். மூலம் உறுதியாக இருப்பதால் விடையில் குழப்பம் இல்லை.

இரண்டாவது, உரிமையாளர் இருவராக இருப்பது. திருமந்திரத்தில் ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்று திருமூலர் பாடியிருக்கிறார். ‘ஒன்றே குலம், ஒருவனே தேவன்’ என்பதை மேடைதோறும் முழங்கித் தம் கொள்கையாக நிலைநாட்டியவர் அறிஞர் அண்ணா. இருவரையும் ஒரே வினாவில் தெரிவுகளாக வைக்கவே கூடாது. முழக்கங்களிலும் இதே நிலை உண்டு. ‘இன்குலாப் ஜிந்தாபாத்’ என்பதை உருவாக்கியவர் ஹஸ்ரத் மொகானி. 1929இல் தில்லி மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசியபோது அதை முழங்கி நாடெங்கும் பரவச் செய்தவர்கள் பகத் சிங்கும் பதுகேசுவர் தத்தும். ‘இது யாருடைய முழக்கம்?’ என்று கேட்டால் இரண்டு விடைக்கும் வழி திறந்துவிடும்.

மூன்றாவது, மூலமே அகப்படாதது. ‘உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்ற வாசகம் காந்தியடிகளின் பெயரோடு எங்கும் தொங்குகிறது. நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற கருத்தில் அவர் 1913இல் எழுதியிருக்கிறார். ஆனால் புகழ்பெற்ற அந்த வாசகம் அவ்வடிவில் அவருடைய எழுத்துகளில் காணப்படவில்லை. இவ்வகைக் கூற்று எவ்வளவு அழகாக இருந்தாலும் நீக்கிவிட வேண்டும். மாணவர் சரியாகப் பதில் சொன்னார் என்று மதிப்பெண் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், ஆதாரமற்ற ஒன்றை நாமே அவர் மனத்தில் பதிக்கிறோம் என்பதை நான் மிகவும் கவலையோடு எண்ணிப் பார்க்கிறேன்.

உறுதியான ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே நூற்பெயரையும் பாடல் எண்ணையோ பக்கத்தையோ அப்போதே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டவை போட்டி நாளன்று கிடைப்பதில்லை.

4. வினா எதைக் கேட்கிறது என்பதை முடிவு செய்தல்

‘யார் சொன்னது?’ என்ற இரண்டு சொற்களில் மூன்று வினாக்கள் ஒளிந்திருக்கின்றன: எழுதிய புலவர் யார், பாட்டுக்குள் பேசும் பாத்திரம் யார், முதலில் சொன்னவர் யார். ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்பதைச் சொன்னவன் பாண்டிய மன்னன். அதை எழுதியவர் இளங்கோவடிகள். ‘யார் சொன்னது?’ என்று கேட்டுவிட்டு இவ்விருவரையும் தெரிவுகளில் வைத்தால் எந்த மாணவருக்கும் நியாயம் கிடைக்காது.

காப்பியத்திலிருந்து எடுத்தால், ‘சிலப்பதிகாரத்தில் இது எந்தப் பாத்திரத்தின் கூற்று?’ என்று கேட்டு, நான்கு தெரிவுகளையும் பாத்திரங்களாகவே கொடுக்க வேண்டும். தனிப்பாடலாகவோ நீதிநூலாகவோ இருந்தால் ‘இவ்வடியைப் பாடியவர் யார்?’ என்று கேட்க வேண்டும். முழக்கமாக இருந்தால் ‘உருவாக்கியவர்’, ‘முழங்கியவர்’ என்ற வேறுபாட்டை வினாவிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தெரிவுகளைத் தேடுவதற்கு முன்பே இதை முடிவு செய்வதற்குக் காரணம், வினாவின் வினைச்சொல்தான் எந்த வகைப் பெயர்கள் தெரிவுகளாகலாம் என்பதை வரையறுக்கிறது.

5. கூற்றை எந்த அளவில் கொடுப்பது

முழுப் பாட்டையும் கொடுக்க வேண்டியதில்லை; ஆனால் வெட்டும் இடத்தைக் கவனிக்க வேண்டும். திருஞானசம்பந்தர் பதிகங்களின் இறுதிப் பாடலில் அவர் பெயரும், ஆண்டாள் பாசுரங்களின் நிறைவில் கோதை என்ற பெயரும் வரும். அப்பகுதியைக் கொடுத்தால் வினாவே இல்லை.

மிகையாக வெட்டுவதும் தவறு. அப்பர் பெருமானின் ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்பதோடு நிறுத்திவிட்டால் அது விடுதலைப் போராட்டக் கவிதை போலத் தோன்றும். நன்கு படித்த மாணவரே பாரதியாரைத் தேர்ந்தெடுத்து ஏமாறக்கூடும். ‘நமனை அஞ்சோம்’ என்பதையும் சேர்த்துக் கொடுக்கும்போது, யோசிப்பவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

வெளிநாட்டவர் கூற்றாக இருந்தால் ‘தமிழாக்கம்’ என்று அடியில் குறிக்க வேண்டும். மொழிபெயர்ப்புகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், சொல்லை நினைவில் வைத்திருக்கும் மாணவர் குழம்பாமல் கருத்தைக் கொண்டு விடை தேட இது வழிவிடும்.

6. தவறான மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுத்தல்

நேர்மையான தெரிவு என்பதற்கு நான் கொள்ளும் அளவுகோல் எளியது: விடை தெரிந்தவர் தயங்கக் கூடாது, தெரியாதவர் தெரிவுகளின் தோற்றத்தை மட்டும் கொண்டு கண்டுபிடிக்கவும் கூடாது. இதற்கு மூன்று தெரிவுகளும் சரியான விடையோடு காலத்திலும், இலக்கிய வகையிலும், பாடுபொருளிலும் நெருங்கியிருக்க வேண்டும்.

‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதற்குக் கணியன் பூங்குன்றனாரோடு பாரதியார், நாமக்கல் கவிஞர், அறிஞர் அண்ணா ஆகியோரைச் சேர்த்தால், சொல்லின் பழமையே மற்ற மூவரையும் தள்ளிவிடும். புறநானூற்றைத் திறந்தே பார்க்காதவரும் சரியாகச் சொல்லிவிடுவார். அதற்குப் பதிலாகக் கபிலர், பரணர், பிசிராந்தையார் என்று சங்கப் புலவர்களையே நிறுத்தினால் வினா தன் வேலையைச் செய்யும்.

நெருக்கம் அளவு மீறினால் வேறொரு கேடு வருகிறது. ‘அச்சம் தவிர்’ என்பது பாரதியாரின் புதிய ஆத்திசூடியில் உள்ளது. ஔவையாரும் பாரதிதாசனும் ஆத்திசூடி பாடியிருப்பதால் இருவரும் மிக நல்ல தெரிவுகள். ஆனால் அவ்விருவரின் ஆத்திசூடிகளையும் ஒருமுறை முழுவதும் படித்து, இதே கட்டளையோ இதற்கு மிக அருகிலான கட்டளையோ அங்கே இல்லை என்று பார்த்த பிறகே அவர்கள் பெயரை இட வேண்டும். சரியான விடையை உறுதி செய்வதைப் போலவே, தவறான விடை உண்மையிலேயே தவறு என்பதையும் உறுதி செய்ய வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் ஏறக்குறைய அனைவரும் விடுவது இதைத்தான். என் முதல் வினாத்தாளில் நான் விட்டதும் இதுவே.

பெயர்களிலேயே உள்ள இரண்டு பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். அப்பரும் திருநாவுக்கரசரும் ஒருவரே; இரண்டையும் தனித்தனித் தெரிவாக வைத்தால், அதைக் கவனித்த மாணவர் இரண்டுமே விடையாக இருக்க முடியாது என்று ஒதுக்கிவிடுவார். ஔவையார் என்ற பெயரிலோ ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். ‘எவ்வழி நல்லவர் ஆடவர்’ என்று புறநானூற்றில் பாடியவர் வேறு, ஆத்திசூடி பாடியவர் வேறு. தேவையான இடத்தில் ‘சங்க கால ஔவையார்’ என்று பிரித்து எழுத வேண்டும்.

மக்கள் தவறாகச் சொல்லும் பெயரைத் தெரிவாக வைக்கலாமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வைக்கலாம் என்பதே என் கருத்து. தவறான நம்பிக்கையைத் திருத்துவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. எனினும் 16 வினாக்களில் இரண்டு மூன்றுக்கு மேல் அப்படி அமைக்கக் கூடாது. மிகுந்தால், ‘பிரபலமான பெயர் விடையாகாது’ என்று மாணவர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள்.

7. தெரிவுகளின் வடிவமும் வரிசையும்

‘மகாகவி சுப்பிரமணிய பாரதியார்’ என்று ஒரு பெயரும், ‘கவிமணி’ என்று மற்றொன்றும் இருந்தால் நீளமான பெயரே கண்ணை இழுக்கும். நான்கு பெயர்களும் ஒரே வடிவில், ஒரே மதிப்புச் சொல்லோடு இருக்க வேண்டும். வினாவின் இலக்கணமும் காட்டிக்கொடுக்கக் கூடாது. ‘பாடிய பெண்பாற் புலவர் யார்?’ என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு பெண்ணின் பெயரைத் தருவது அடிக்கடி நிகழும் பிழை.

வரிசையை நம் விருப்பத்துக்கு விட்டால், சரியான விடையை நடுவில் ஒளித்து வைக்கும் பழக்கம் நமக்கே தெரியாமல் வந்துவிடும். அதனால் நான் எப்போதும் பெயர்களை அகரவரிசையில் அடுக்குகிறேன். அதன் பின் 16 விடைகளும் அ, ஆ, இ, ஈ ஆகியவற்றில் எப்படிப் பரவியுள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஓர் எழுத்தில் ஆறுக்கு மேல் குவிந்திருந்தால், அந்த வினாக்களில் ஒரு தவறான தெரிவை மாற்றினாலே வரிசை இடம் மாறிவிடும்.

8. ஒரு வினா உருவாகும் விதம்

மகளிர் நாள் சுவரொட்டி ஒன்றில் ‘மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டும் அம்மா’ என்ற அடி பாரதியாரின் படத்தோடு அச்சிடப்பட்டிருந்தது. அதைக் குறித்துக்கொண்டு பாரதியார் கவிதைத் தொகுப்பில் தேடியபோது கிடைக்கவில்லை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் கவிதைகளில் கிடைத்தது. ‘பங்கயக் கைந்நலம் பார்த்தலவோ இந்தப் பாரில் அறங்கள் வளரும் அம்மா’ என்று அது தொடர்கிறது. இத்துடன் மூன்றாம் படி முடிந்தது.

இது பாத்திரக் கூற்று அன்று, கவிஞரின் பாட்டு. எனவே ‘இவ்வடிகளைப் பாடியவர் யார்?’ என்று வினா அமைந்தது. இரண்டு அடிகளையும் கொடுத்தேன். முதலடியை மட்டும் கொடுத்தால் சுவரொட்டியின் நினைவே எழும்; இரண்டாமடி கவிமணியின் எளிய, மென்மையான நடையை அறிந்தவருக்குத் துணைசெய்யும்.

தெரிவுகளுக்கு முதலில் பாரதியார், பாரதிதாசன், ஔவையார் என்று எழுதினேன். ஔவையார் காலத்தால் விலகி நிற்பதால் அடித்துவிட்டு நாமக்கல் கவிஞரைச் சேர்த்தேன். நால்வரும் இருபதாம் நூற்றாண்டில் எழுதியவர்கள். நால்வரும் எளிய சந்தத்தில் பாடியவர்கள். நால்வரும் பாடநூல் வழியே மாணவர்களுக்கு அறிமுகமானவர்கள். பிறகு, மூவருடைய கவிதைத் தொகுப்புகளிலும் ‘மாதவம்’, ‘பங்கய’ ஆகிய சொற்களைத் தேடி இவ்வடி இல்லை என்று உறுதி செய்தேன். இறுதி வடிவம் இவ்வாறு அமைந்தது:

‘மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டும் அம்மா
பங்கயக் கைந்நலம் பார்த்தலவோ இந்தப் பாரில் அறங்கள் வளரும் அம்மா’
இவ்வடிகளைப் பாடியவர் யார்?
அ) கவிமணி
ஆ) நாமக்கல் கவிஞர்
இ) பாரதிதாசன்
ஈ) பாரதியார்

9. போட்டிக்கு முன் இரண்டு முன்னோட்டங்கள்

போட்டியில் கலந்துகொள்ளாத மேல்வகுப்பு மாணவர் பத்துப் பேர் போதும். முதல் முன்னோட்டத்தில் கூற்றுகளை மறைத்துவிட்டு, வினாத்தொடரையும் நான்கு பெயர்களையும் மட்டும் கொடுத்து விடையை ஊகிக்கச் சொல்ல வேண்டும். 16 வினாக்களுக்குப் பத்துப் பேரின் விடைகள் 160. வெறும் குருட்டு ஊகத்தில் நான்கில் ஒன்று, அதாவது நாற்பது அளவில் சரியாக வரும். அறுபதைத் தொட்டால் தெரிவுகளின் வடிவம் எங்கோ விடையைக் கசியவிடுகிறது என்று பொருள். எந்த வினாவில் ஏழெட்டுப் பேர் சரியாக ஊகித்தார்கள் என்று பார்த்து அதைத் திருத்த வேண்டும்.

இரண்டாம் முன்னோட்டத்தில் முழு வினாத்தாளையும் கொடுக்க வேண்டும். பத்துப் பேரில் ஒருவர்கூடத் தொடாத தெரிவு இருந்தால் அது இடத்தை அடைத்து நிற்கிறதே தவிர வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும். நன்கு படிக்கும் மாணவர் பலர் ஒரே தவறான விடையில் கூடினால், அவர்களைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பெயருக்கும் கூற்றுக்கும் உள்ள தொடர்பை மீண்டும் தேட வேண்டும். இரண்டாவது சரியான விடை பெரும்பாலும் இப்படித்தான் அகப்படும்.

10. விடைக்குறிப்பும் மறுப்பும்

விடைக்குறிப்பில் எழுத்தை மட்டும் எழுதாமல், நூற்பெயர், பாடல் எண், மற்ற மூன்று பெயர்களும் ஏன் பொருந்தா என்பதற்கு ஒரு வரி ஆகியவற்றையும் எழுத வேண்டும். நடத்துபவர் வினா எழுதியவராக இல்லாதபோது இது இன்றியமையாதது, மாணவர் ‘ஏன்?’ என்று கேட்டால் அவரால் உடனே விளக்க முடியும்.

மறுப்புக்கான விதியைப் போட்டி தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். எங்கள் மன்றத்தில் மறுப்பவர் மூன்று நாள்களுக்குள் நூலைக் கொண்டு வந்து காட்ட வேண்டும். அவர் காட்டுவது சரியாக இருந்தால் அவ்விடையைத் தேர்ந்தெடுத்த அனைவருக்கும் மதிப்பெண் உண்டு. வினாவை முற்றிலும் நீக்கிவிடுவது எளிது என்று சிலர் எண்ணுகிறார்கள்; அவ்வாறு செய்தால் விடையைச் சரியாக அறிந்திருந்தவர்களும் மதிப்பெண்ணை இழப்பார்கள். மறுப்பு ஏற்கப்பட்ட வினாவையும் அதற்குக் காரணமான தெரிவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஆண்டு வினா எழுதுபவரிடம் பாடநூற் பெயர்ப் பட்டியலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.